பாண்டியன் நீதிமானா, ஆராயாத மன்னனா? பாத்திரப் படைப்பு வினாவுக்குப் பாடலிலிருந்தே சான்று காட்டுவது எப்படி

இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் தமிழை முதல் மொழியாக எடுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு, பக்கத்து வகுப்பில் மலையாளம் படிக்கும் தோழர்கள் வழியாகக் காதில் விழுந்து பழகிய தொடர் ஒன்று உண்டு: ‘கதாபாத்திர நிரூபணம்’. மலையாளத்தில் நிரூபணம் என்றால் ஆராய்ந்து மதிப்பிடுவது, அதாவது திறனாய்வு. தமிழில் அதே சொல்லுக்கு மெய்ப்பித்தல் என்று பொருள். ஒரு பாத்திரத்தைப் பற்றித் தேர்வில் எழுதும்போது மலையாளப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, அவன் நல்லவன், இவள் துணிந்தவள் என்று மதிப்பிட்டுவிட்டு நிறுத்திவிடுகிற விடைகளையே நான் அதிகம் பார்க்கிறேன். மதிப்பிட்டதைப் பாடத்தின் சொற்களைக் கொண்டு மெய்ப்பிக்கும்போதுதான் அது விடையாகிறது. அதை எப்படிச் செய்வது என்பதைச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் வரும் பாண்டிய மன்னனை வைத்து விளக்குகிறேன். கண்ணகியை விட்டு மன்னனை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கண்ணகியின் துணிவுக்குப் பாடலில் எங்கே கை வைத்தாலும் சான்று கிடைக்கும். மன்னனுக்கு அப்படிக் கிடைக்காது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பண்புகள் அவனிடம் இருப்பதால், சான்றை எடைபோடத் தெரியாமல் அவனைப் பற்றி எழுதவே முடியாது.

வண்டிப்பெரியாற்றுப் பக்கம் லயத்துப் பிள்ளைகள் சிலருக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்த வினாவுக்கு எழுதிய முதல் விடை இப்படித் தொடங்கியது: “பாண்டிய மன்னன் நீதி தவறாதவன். மக்கள் மீது அன்பு கொண்டவன். கண்ணகி அரண்மனைக்கு வந்து நீதி கேட்டாள். அவள் சிலம்பை உடைத்தாள். அதிலிருந்து மாணிக்கம் தெறித்தது. மன்னன் தவற்றை உணர்ந்து உயிர் விட்டான்.” பிழையில்லாத தமிழ்தான், கதையும் சரிதான். ஆனால் முதல் இரண்டு வாக்கியங்கள் மதிப்பீடு, மீதி நான்கும் கதைச் சுருக்கம். இரண்டுக்கும் இடையே கயிறே இல்லை. மன்னன் நீதி தவறாதவன் என்பதற்கு அந்த நான்கில் எது சான்று என்று கேட்டால் விடை எழுதியவளாலேயே சுட்டிக்காட்ட முடியவில்லை. மக்கள் மீது அன்பு என்பதற்கு அந்தக் காதையில் நேரான சான்று எதுவும் இல்லை. அரசன் என்றால் அப்படி இருப்பான் என்ற பொது எண்ணத்திலிருந்து வந்தது அது.

இத்தகைய வாக்கியங்களைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பாத்திரத்தின் பெயரை அடித்துவிட்டு வேறு ஒரு பெயரைப் போட்டுப் பார்க்க வேண்டும். ‘பாண்டியன்’ இருக்கும் இடத்தில் ‘மனுநீதிச் சோழன்’ என்று எழுதினாலும் வாக்கியம் அப்படியே நிற்குமானால், அது இந்தப் பாடத்திலிருந்து பிறந்த வாக்கியம் அன்று. இந்தக் காதையைப் பொறுத்தவரை இச்சோதனை மிகவும் பொருந்துகிறது, ஏனென்றால் அந்தச் சோழனே பாடலுக்குள் வருகிறான். கண்ணகி தன் ஊரைச் சொல்லும்போது, புறாவின் துயர் தீர்த்த மன்னனையும், ‘வாயிற் கடைமணி நடுநா நடுங்க’ ஆராய்ச்சி மணியை அடித்த பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுடத் தன் மகனையே தேர்ச்சக்கரத்தில் மடியச் செய்த மன்னனையும் குறிப்பிட்டு, ‘பெரும்பெயர்ப் புகார் என் பதியே’ என்கிறாள். அவசரமாகப் படித்த பிள்ளைகள் இந்த அடிகளைப் பாண்டியனின் நீதிக்குச் சான்றாக எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அவை பாண்டியனுக்கு எதிராக வைக்கப்பட்டவை. ஒரு பறவைக்கும் ஒரு பசுவுக்கும் நின்று விசாரித்த மன்னர்கள் என் ஊரில் இருந்தார்கள், நீயோ ஒரு மனிதனுக்கு அதைச் செய்யவில்லை என்பது அவள் சொல்லாமல் சொல்வது. எடுத்துக்காட்டும் அடியை யார் சொல்கிறார், யாரைப் பற்றிச் சொல்கிறார் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் மேற்கோள் குறிக்குள் போடும்போது இந்த விபத்து நேர்கிறது.

யார் சொல்கிறார் என்பதை இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாத்திரத்தைப் பற்றிய செய்தி கதையில் நான்கு வாய்களிலிருந்து வரும்: அந்தப் பாத்திரம் தானே பேசுவது, பிறர் அதைப் பற்றிப் பேசுவது, ஆசிரியர் தம் குரலில் கூறுவது, யாரும் எதுவும் கூறாமல் பாத்திரம் செய்யும் செயல். இவை நான்குக்கும் ஒரே எடை கிடையாது. வாயிற்காவலன் மன்னனிடம் ஓடிப்போய்க் கண்ணகியை வருணிக்கும்போது ‘செற்றனள் போலும், செயிர்த்தனள் போலும்’ என்கிறான். அந்தப் ‘போலும்’ என்ற சொல் அவன் ஊகிக்கிறான் என்பதைக் காட்டுகிறது. அவன் கண்ணுக்கு உறுதியாகத் தெரிந்தது ‘பொற்றொழில் சிலம்பொன்று ஏந்திய கையள்’ என்பது மட்டுமே. கண்ணகி சினம் கொண்டவள் என்று நிறுவ இந்த வரியை எடுப்பவர், காவலனின் கண்ணுக்கு அவள் அப்படித் தோன்றினாள் என்று எழுதினால் சரி. ஆசிரியரே அவளைச் சினத்தவள் என்று கூறுகிறார் என்று எழுதினால் தவறு.

இப்போது மன்னனிடம் வருவோம். ‘தேரா மன்னா’ என்று கண்ணகி விளிப்பதைக் காட்டி, மன்னன் ஆராயாதவன் என்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். அது சான்றுதான், ஆனால் வழக்கு வைத்தவளின் சொல். கணவனைப் பறிகொடுத்தவள் கொலை செய்தவனைப் பார்த்துக் கூறுவது. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவனை ஆராயாதவன் என்று முடிவுசெய்தால், கண்ணகி மன்னனிடம் எந்தக் குறையைக் காண்கிறாளோ அதே குறையை நாமும் செய்தவர்கள் ஆகிவிடுவோம். ஆகவே மன்னனின் சொந்த வாயிலிருந்து ஒரு சான்று தேட வேண்டும். அது அதே பாடத்தில், சில அடிகள் தள்ளி இருக்கிறது. கண்ணகி தான் யார் என்று கூறி முடித்ததும் மன்னன் தரும் விடை: ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’. கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்கிறான். இந்த அடியைப் பிள்ளைகள் மன்னன் சட்டத்தை மதிப்பவன் என்பதற்கு எடுப்பதுண்டு, அதுவும் பொருந்தும். ஆனால் அதன் முதற்சொல்லைப் பாருங்கள். கோவலன் கள்வனா என்பதுதான் வழக்கு. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதைப் போலக் ‘கள்வனை’ என்றே பேச்சைத் தொடங்குகிறான். அவன் சொல்லும் நெறியில் குறையில்லை; அந்த நெறி இந்த மனிதனுக்குப் பொருந்துமா என்று பார்க்காததுதான் குறை. ஒரே அடி, சட்டத்தின் மீது அவனுக்கு உள்ள பற்றையும் ஆராயாமையையும் சேர்த்துக் காட்டுகிறது. இதை எழுதுகிற பிள்ளை அந்த அடியை உண்மையாகவே படித்திருக்கிறது என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

காப்பியத்தின் வேறு பகுதியையும் படித்தவர்களுக்கு இதைவிட வலுவான சான்று கொலைக்களக் காதையில் இருக்கிறது. அங்கே பேசுவது ஆசிரியர். பொற்கொல்லன் வந்து சொல்லும் நேரத்தில் மன்னன் ‘மந்திரச் சுற்றம் நீங்கி’, அதாவது அமைச்சர்களைப் பிரிந்து, ஊடல் கொண்ட தேவியின் இருப்பிடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான். அடுத்து ஆசிரியர் ‘வினைவிளை காலம் ஆதலின்’ என்று தொடங்கி, ‘சினையலர் வேம்பன் தேரான் ஆகி’ என்கிறார். கண்ணகி பின்னால் சொல்லப்போகும் ‘தேரா’ என்ற சொல்லின் வேரையே ஆசிரியர் இங்கு முன்கூட்டி வைத்துவிட்டார். குற்றம் சாட்டுபவளின் சொல்லும் கதை சொல்பவரின் சொல்லும் ஒன்றாகிவிடும்போது அந்தப் பண்பு உறுதிப்படுகிறது. மன்னன் இடும் கட்டளையும் கூர்ந்து பார்க்க வேண்டியது: சிலம்பு கள்வன் ‘கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க’. ‘ஆகில்’ என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு கொல்லச் சொல்லவில்லை. ஆனால் வினைச்சொற்களின் வரிசையில் கொல்வது முதலில் வருகிறது, சிலம்பைக் கொண்டுவருவது பிறகு வருகிறது. சிலம்பு கண்முன் வந்த பிறகு செய்ய வேண்டிய முடிவு, சிலம்பு வருவதற்கு முன்பே நிறைவேறிவிடுகிறது. ‘கொல்ல’ என்று சொல்ல வந்தவன் ஊழின் காரணமாகக் ‘கொன்று’ என்று வாய்தவறிவிட்டான் என உரை மரபில் ஒரு விளக்கமும் உண்டு. அதை ஏற்பதா வேண்டாமா என்பது வேறு. ‘வினைவிளை காலம்’ என்று ஆசிரியர் குறித்திருக்கிறார் என்பதை மறைத்துவிட்டு மன்னன் மீது முழுப் பழியையும் போடும் விடை, தனக்கு வசதியான சான்றை மட்டும் எடுத்த விடையாகிவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். வினா வழக்குரை காதைப் பாடத்தை ஒட்டி வந்திருந்தால், விடையின் பெரும்பகுதி அந்தப் பாடத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். 30 காதைகள் கொண்ட நூலில் இது 20ஆவது. வெளியிலிருந்து ஓர் அடியை எடுத்தால், அது எங்கே இருக்கிறது என்று காதையின் பெயரைச் சொல்லியே எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் தனியான ஒரு தடுமாற்றம் உண்டு. குமுளிக்கு மேலே மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமி அன்று வீட்டோடு போய் வந்தவர்கள் இவர்கள். கண்ணகி அவர்களுக்குப் பாட்டியிடம் கேட்ட கதை, மலை ஏறிக் கண்ட தெய்வம். அதனால் மலைமக்கள் வேங்கை நிழலில் அவளைக் கண்டதும், மதுரை எரிந்ததும், தெய்வமானதும் எல்லாம் ஒரே விடைக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன. மதுரை எரிவது அடுத்த காதையான வஞ்சின மாலையில்; மலைமக்கள் கண்டது குன்றக்குரவையில். வழக்குரை காதையின் கண்ணகியிடம் இருப்பது தெய்வத்தன்மை அன்று. அவள் வழக்காடுகிறாள், தன் பெயரையும் குலத்தையும் முறையாகக் கூறுகிறாள், ஒரே ஒரு பொருட்சான்றை வைத்து வெல்கிறாள். பிள்ளைகள் பாட்டியிடம் கேட்டது அவர்களிடம் பத்திரமாக இருக்கட்டும். ஆனால் விடைத்தாளில் வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பாடத்தில் ஒரு வரியைக் கைகாட்ட முடிய வேண்டும்.

மன்னனின் ஆராயாமையை இவ்வளவு நிறுவிய பிறகு அந்த மாணவி என்னிடம் கேட்டாள்: “டீச்சர், ராஜா இவ்ளோ பெரிய தப்புப் பண்ணிட்டாரே, அப்புறம் எப்படி அவரை நீதிமான்னு எழுதறது?” இந்த வினாவின் உயிரே அந்தக் கேள்விதான். பெரும்பாலான பிள்ளைகள் அதற்கு ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்ற அடியைக் காட்டி முடித்துவிடுவார்கள். அது மிகப் பெரிய சான்றுதான், சந்தேகமில்லை. ஆனால் அது உண்மை வெளிவந்த பிறகு சொன்னது. அகப்பட்டுக்கொண்ட பிறகு ஒப்புக்கொள்வது மட்டும் நீதி உணர்வு ஆகுமா என்று ஒருவர் மறுத்தால் அந்த விடை தடுமாறிவிடும். எனவே அதற்கு முன்னால் உள்ள மூன்று சிறிய இடங்களைப் பார்க்கச் சொன்னேன்.

முதலாவது, காவலன் அச்சத்தோடு வந்து கொற்றவையோ காளியோ என்பதுபோல வருணித்த பெண்ணை மன்னன் உடனே உள்ளே வரவிடுகிறான். ‘வருக மற்றவள் தருக ஈங்கு’ என்பதுதான் அவன் கட்டளை. இரண்டாவது, என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி சொன்னதும் அவன் தரும் மறுமொழி. ‘தேமொழி உரைத்தது செவ்வை நன்மொழி, யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’ என்கிறான். தன்னைத் ‘தேரா மன்னா’ என்றும், ‘நற்றிறம் படராக் கொற்கை வேந்தே’ என்றும் அவையில் வைத்துப் பழித்தவளின் பேச்சை ‘நன்மொழி’ என்று ஏற்கிறான். அவள் சொன்னது வழக்கைத் தீர்க்கக்கூடிய சோதனை என்பது அவனுக்கு உடனே புரிகிறது. அதைவிட முக்கியமானது, தன் சிலம்பில் முத்துத்தான் இருக்கிறது என்று சிலம்பு உடைவதற்கு முன்பே சொல்லிவிடுகிறான். தன்னைத் தோற்கடிக்கப் போகும் தகவலை எதிராளிக்கு அவனே தருகிறான். மூன்றாவது, ‘தருகெனத் தந்து தான்முன் வைப்ப’: சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன் வைக்கிறான். மறைக்கவோ காலம் தாழ்த்தவோ அவனுக்கு அதிகாரம் இருந்தது, அவன் அதைப் பயன்படுத்தவில்லை. இந்த மூன்றும் உண்மை தெரிவதற்கு முன் நடந்தவை. அதனால்தான் ‘யானே கள்வன்’ என்பது அகப்பட்டுக்கொண்டவனின் புலம்பலாக ஒலிக்காமல், சோதனைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவனின் தீர்ப்பாக ஒலிக்கிறது. பண்பைச் சொல்லும் ஒரு பெரிய அடியைத் தனியே நிறுத்தாமல், அதற்கு முன் நடந்த சிறிய செயல்களைத் துணைக்கு வைத்தால் விடை எவ்வளவு உறுதிப்படும் என்பதற்கு இந்த இடத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நான் வகுப்பில் பயன்படுத்தியதில்லை.

அந்த அடியிலும் முழுமையாகப் பார்க்க வேண்டியது உண்டு. ‘பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்’ என்பதுதான் முழுத்தொடர். முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் எழுதினால், மன்னன் பொதுவாகத் தன்னை நொந்துகொண்டதாகவே தோன்றும். முன்பாதியோடு எழுதினால், தன் குற்றம் எது என்று அவனே துல்லியமாகப் பெயர் சொல்லியிருப்பது தெரியும்: ஒருவன் சொல்லைக் கேட்டு மற்றவனைக் கேட்காமல் விட்டது. கண்ணகி ‘தேரா’ என்று சொன்னதை, ஆசிரியர் ‘தேரான் ஆகி’ என்று சொன்னதை, மன்னன் தன் வாயாலும் சொல்லிவிடுகிறான். ஆராயாமை, நீதி உணர்வு என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதிய விடை இந்த இடத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது. தான் ஆராயாததை ஆராய்ந்து அறிந்தவன் என்று ஒரே வாக்கியத்தில் எழுதலாம்.

அந்த மாணவி இரண்டாம் முறை எழுதிய பத்தியை இங்கே தருகிறேன்: “மன்னன் தனக்கு எதிரான சான்றையும் மறைக்காதவன். கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றபோது, அவளைச் சினவாமல் ‘செவ்வை நன்மொழி’ என்று ஏற்று, ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’ என்று கூறுகிறான். சிலம்பு உடைபடுவதற்கு முன்பே இதைக் கூறிவிட்டதால், பின்னர் மாணிக்கம் தெறித்தபோது மறுத்துப் பேச அவன் தனக்கு வழி வைத்துக்கொள்ளவில்லை.” மூன்றே வாக்கியங்கள். முதல் வாக்கியம் பண்பு, இரண்டாவது சான்று, மூன்றாவது அந்தச் சான்றின் எந்தக் கூறு அந்தப் பண்பைக் காட்டுகிறது என்பது. பிள்ளைகள் விட்டுவிடுவது மூன்றாவதைத்தான். மேற்கோளை எழுதியதும் சான்று காட்டியாயிற்று என்று அடுத்த பண்புக்குத் தாவிவிடுகிறார்கள். மேற்கோள் தானாகப் பேசாது. அதில் உள்ள ‘கள்வனை’, ‘போலும்’, ‘ஆகில்’ போன்ற ஒரு சொல்லையோ ஒரு வரிசையையோ சுட்டிக்காட்டி அதைப் பேச வைக்க வேண்டும். முதல் வரைவில் இருந்த ‘மக்கள் மீது அன்பு’ இரண்டாம் வரைவில் இல்லை. அதை நான் நீக்கச் சொல்லவில்லை. சான்று தேடிப் பார்த்து, கிடைக்காமல், அவளே எடுத்துவிட்டாள்.

தேர்வறையில் இவ்வளவும் எழுத முடியுமா என்று கேட்பவர்களுக்கு: எழுத வேண்டியதில்லை. ஒரு பக்க விடைக்கு மூன்று பண்புகள் போதும், ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து சொல்லில் ஒரு மேற்கோள் போதும். கேரளத்துப் பத்தாம் வகுப்புத் தேர்வில் எழுதத் தொடங்குவதற்கு முன் தரப்படும் 15 நிமிடக் ‘கூல் ஆஃப் டைம்’ இதற்கு நன்றாக உதவும். அந்த நேரத்தில் பண்புகளை யோசிக்காமல் வரிகளை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். நினைவுக்கு வரும் மூன்று நான்கு வரிகளிலிருந்து பண்புகளைப் பிரித்தெடுப்பது எளிது. பண்புகளை முதலில் முடிவுசெய்துவிட்டு வரி தேடினால், தேடியது கிடைக்காதபோது கதைச் சுருக்கம் வந்து இடத்தை நிரப்பிவிடும். வரி சரியாக நினைவில் இல்லையென்றால் மேற்கோள் குறி போடாமல், சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன் வைத்தான் என்று சொந்தச் சொற்களில் எழுதினால் அதுவும் சான்றுதான். தவறான சொற்களை மேற்கோள் குறிக்குள் போடுவதுதான் கெடுதல்.

மாணவியின் முதல் வரைவின் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் இன்னும் வரவில்லை. ‘தவற்றை உணர்ந்து உயிர் விட்டான்’ என்று எழுதியிருந்தாள். வேறு சிலர் உயிரை மாய்த்துக்கொண்டான் என்றும் எழுதுகிறார்கள். பாடல் கூறுவது, ‘கெடுகஎன் ஆயுள்’ என்று அவன் சொன்னான், ‘மன்னவன் மயங்கி வீழ்ந்தனனே’ என்பது. முதலது அவன் விருப்பம், இரண்டாவது ஆசிரியர் கண்டு சொல்வது. இரண்டுக்கும் இடையில் அவன் கையால் எதுவும் செய்ததாகப் பாடலில் இல்லை. தான் இழைத்த தவறுக்குத் தானே தண்டனை வேண்டிய சொல் அவன் நீதி உணர்வுக்குச் சான்றாகும். மயங்கி விழுந்தது, அந்தத் தவறு அவனை எவ்வளவு ஆழமாகத் தாக்கியது என்பதற்குச் சான்றாகும். இரண்டையும் தனித்தனியே சொல்லி அவள் அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதினாள். கோப்பெருந்தேவி குலைந்து நடுங்கி வீழ்ந்ததையும் அதோடு சேர்க்கலாமா என்று கேட்டாள். அது தேவியைப் பற்றிய வினாவுக்கு உரிய சான்று என்பதால் விட்டுவிடச் சொன்னேன்.